65 வாட் ட்ரான்சிஸ்டர் 2 வாட்டில் எரிவது ஏன்? வெளியீட்டுக் கட்டத்துக்குத் தரவுத்தாளை வாசிக்கும் முறை

கேள்வி: சேர், நான் சம்மாந்துறை, டிப்ளோமா இரண்டாம் வருடம். 24 வோல்ட் வழங்கியில் 8 ஓம் ஸ்பீக்கருக்கு ஒரு அம்ப் செய்கிறேன். கடைசிச் சோடிக்கு BD139, BD140 போட்டேன். தரவுத்தாளில் 1.5 அம்பியர், 12.5 வாட் என்று இருக்கிறது. எனக்கு வேண்டியது 6 வாட்தான் என்பதால் ஹீட் சிங்க் போடவில்லை. பத்து நிமிடத்தில் எரிந்துவிட்டது. TIP41C, TIP42C சோடிக்கு 65 வாட் என்று இருக்கிறது, அதை மாற்றிப் போட்டால் நிற்குமா? எந்த வரிகளைப் பார்த்து முடிவெடுப்பது?

பதில்:

தம்பி, TIP41C உங்கள் வேலைக்குப் பொருத்தமான தெரிவுதான். ஆனால் BD139-ஐ வைத்தது போலவே ஹீட் சிங்க் இல்லாமல் வைத்தால் அதுவும் எரியும். கொஞ்ச நேரம் கூடுதலாக நிற்கலாம், அவ்வளவே. 65 வாட் என்ற எண் பொய்யில்லை. அந்த எண்ணுக்குப் பக்கத்தில் சிறிய எழுத்தில் ஒரு நிபந்தனை இருக்கிறது, அதை வாசிக்காமல் விட்டதுதான் உங்கள் BD139-க்கும் நடந்தது. எனவே தரவுத்தாளைத் திறப்பதற்கு முன்னர் உங்கள் சுற்று எதைக் கேட்கிறது என்பதைக் கணக்கிடுவோம், பிறகு அந்த எண்களோடு தாளுக்குள் போவோம். தாளின் முதல் பக்கத்திலிருந்து வாசிக்கத் தொடங்குகிறவர் பெரிய எண்களில் மயங்கிவிடுவார்.

உங்கள் வெளியீட்டுக் கட்டம் ஒற்றை 24 வோல்ட்டில் வேலை செய்து, ஒரு பெரிய கொள்ளளவியின் ஊடாக ஸ்பீக்கருக்குப் போகிறது என்று எடுத்துக்கொள்கிறேன். அப்படியானால் நடுப்புள்ளி 12 வோல்ட்டில் நிற்கும். சைகை மேலும் கீழும் அதிகபட்சம் 12 வோல்ட் போகலாம் என்றாலும், ட்ரான்சிஸ்டரிலும் காலித் தடையிகளிலும் டிரைவரிலும் இழப்பவை போக 10 வோல்ட் உச்சம் கிடைத்தால் நல்லது. 10 வோல்ட்டை 8 ஓமால் பிரித்தால் உச்ச ஓட்டம் 1.25 அம்பியர். ஸ்பீக்கருக்குப் போகும் வலு 10 × 10 ÷ 16, அதாவது ஏறத்தாழ 6.25 வாட். நீங்கள் சொன்ன 6 வாட் இதுதான்.

இந்த 6 வாட் ஸ்பீக்கருக்குப் போவது. ட்ரான்சிஸ்டருக்குள் வெப்பமாக எரிவது வேறு கணக்கு. வகுப்பு B-யில் வேலை செய்யும் ஒரு சோடியில், சைன் அலைக்கு, ஒவ்வொரு ட்ரான்சிஸ்டரும் தாங்க வேண்டிய மிகக் கூடிய வலு இது:

```
P = V² / (π² × R) = 12² / (9.87 × 8) ≈ 1.82 W
```

இங்கே V என்பது வழங்கியின் பாதி. இந்த உச்ச வெப்பம் முழுச் சத்தத்தில் வருவதில்லை என்பதைக் கவனியுங்கள். வெளியீட்டின் உச்சம் வழங்கிப் பாதியின் 0.64 பங்காக, அதாவது 7.6 வோல்ட் அளவில் இருக்கும்போதுதான் ட்ரான்சிஸ்டர் மிகக் கூடுதலாகச் சூடாகும். அதனால்தான் "முழுச் சத்தம் கூட வைக்கவில்லையே" என்று சொல்லும் மாணவர்களின் அம்ப்பும் எரிகிறது. இதோடு ஓய்வு ஓட்டத்தையும் சேர்க்க வேண்டும். 20 மில்லிஅம்பியர் வைத்திருந்தால் 12 வோல்ட்டில் 0.24 வாட். மொத்தம் 2.1 வாட் என்று வைத்துக்கொள்வோம்.

இப்போது தாளைத் திறக்கலாம். முதலில் "Absolute Maximum Ratings" என்ற அட்டவணை. இதில் உள்ளவை பரிந்துரைகள் அல்ல. தாண்டினால் பழுதாகக்கூடிய எல்லைகள். BD139-இன் வலு வரியில் இரண்டு எண்கள் இருக்கும். உறை வெப்பநிலை 25 பாகையில் 12.5 வாட், சுற்றாடல் வெப்பநிலை 25 பாகையில் 1.25 வாட். தாளில் இவை Tcase அல்லது TC என்றும், Tamb அல்லது TA என்றும் குறிக்கப்பட்டிருக்கும். முதலாவது எண் கிடைப்பதற்கு ட்ரான்சிஸ்டரின் உலோக முதுகை 12.5 வாட் எரிந்துகொண்டிருக்கும்போதும் 25 பாகையில் பிடித்து வைக்க வேண்டும். பனிக்கட்டித் தண்ணீர் ஓடும் தகட்டில் பொருத்தினால் ஒருவேளை முடியும். மேசையில் வெறுமனே நிற்கும் உங்கள் BD139-க்கு உரியது இரண்டாவது எண்ணான 1.25 வாட், அதுவும் அறை 25 பாகையில் இருந்தால். நீங்கள் கொடுத்தது 2.1 வாட்.

இந்த இரண்டு எண்களிலிருந்தே வெப்பத்தடையையும் எடுத்துவிடலாம். சந்தி தாங்கும் அதிகபட்ச வெப்பநிலை, Tj, 150 பாகை. 150-இலிருந்து 25-ஐக் கழித்தால் 125. அதை 1.25-ஆல் பிரித்தால் வாட்டுக்கு 100 பாகை. இது சந்தியிலிருந்து காற்றுக்கு உள்ள வெப்பத்தடை, தாளில் RθJA. அதே 125-ஐ 12.5-ஆல் பிரித்தால் வாட்டுக்கு 10 பாகை; இது சந்தியிலிருந்து உறைக்கு, RθJC. தாளின் வெப்ப அட்டவணையிலும் இதே எண்கள் தனியாக இருக்கும், ஒப்பிட்டுப் பாருங்கள்.

நம் பக்கத்துக் காற்று 25 பாகையில் எப்போது நின்றது? கச்சான் வீசும் ஆனி, ஆடியில் வெளியே 33, 34 பாகை சாதாரணம். மூடிய பெட்டிக்குள் ட்ரான்ஸ்ஃபோமரும் சேர்ந்து சூடாகும்போது 50 என்று எடுப்பதுதான் நியாயம். அப்படியானால் ஹீட் சிங்க் இல்லாத BD139-இன் சந்தி 50 + 2.1 × 100, அதாவது 260 பாகையை நோக்கிப் போகும். 150-ஐத் தாண்டிய பிறகு நடப்பதை நீங்களே பார்த்துவிட்டீர்கள்.

TIP41C-க்கு அதே கணக்கைச் செய்வோம். உறை 25 பாகையில் 65 வாட், காற்று 25 பாகையில் 2 வாட். முதலாவதிலிருந்து RθJC வாட்டுக்கு 1.92 பாகை, இரண்டாவதிலிருந்து RθJA 62.5 பாகை. ஹீட் சிங்க் இல்லாமல் சந்தி 50 + 2.1 × 62.5, அதாவது 181 பாகை. 65 வாட் ட்ரான்சிஸ்டர் 2 வாட்டில் எரிவது இப்படித்தான். பெரிய ட்ரான்சிஸ்டர் வாங்கினால் உங்களுக்குக் கிடைப்பது தாழ்ந்த RθJC, அதாவது வெப்பத்தை ஹீட் சிங்க்குக்குக் கடத்திவிடும் அகலமான பாதை. பாதையின் மறுமுனையில் ஹீட் சிங்க் இல்லையென்றால் அந்த அகலத்துக்குப் பணம் கொடுத்ததில் பயனில்லை.

அப்படியானால் BD139-க்கே ஹீட் சிங்க் போட்டால் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. வெப்பம் மட்டுமே பிரச்சினை என்றால் அதுவே போதும். சந்தியை 125 பாகைக்குள் வைக்க மொத்த வெப்பத்தடை (125 − 50) ÷ 2.1, ஏறத்தாழ 36 பாகை வரை இருக்கலாம். அதில் BD139-இன் 10-ஐயும் மைக்காவுக்கு 1-ஐயும் கழித்தால் சிங்க்குக்கு 25 மிஞ்சுகிறது. சிறிய அலுமினியத் துண்டு போதும். நான் அதை விட்டு TIP41C-க்குப் போகச் சொல்வதற்குக் காரணம் தரவுத்தாளின் வேறு இரண்டு வரிகளில் இருக்கிறது.

முதலாவது, ஓட்ட நயம், hFE. BD139-இன் தாளில் இது மூன்று இடங்களில் தரப்பட்டிருக்கும்: 5 மில்லிஅம்பியரில் குறைந்தது 25, 150 மில்லிஅம்பியரில் 40 முதல் 250 வரை, 500 மில்லிஅம்பியரில் குறைந்தது 25. கடையில் கேட்டால் "நயம் 100 இருக்கும்" என்பார்கள்; BD139-16 என்று அச்சிட்டிருந்தால் 100 முதல் 250 வரை என்பதும் உண்மைதான். ஆனால் அந்த எண் 150 மில்லிஅம்பியருக்கு உரியது. உங்களுக்கு வேண்டியது 1.25 அம்பியரில். அந்த ஓட்டத்துக்கு அட்டவணையில் வரியே இல்லை, அதாவது உற்பத்தியாளர் அங்கே எதையும் உறுதி தரவில்லை. உச்ச ஓட்டம் கூடக் கூட நயம் விழும் என்பது பின்பக்க வரைபடத்தில் தெரியும், ஆனால் வரைபடம் ஒரு மாதிரியின் நடத்தை மட்டுமே. 1.5 அம்பியர் எல்லைக்குள் 1.25 அம்பியர் அடங்குகிறது என்பது பாகம் சேதமடையாது என்று சொல்கிறதே தவிர, ஒழுங்காக வேலை செய்யும் என்று சொல்லவில்லை. நாளைக்கு யாராவது இன்னொரு 8 ஓம் ஸ்பீக்கரைச் சமாந்தரமாகக் கொளுவினால், கோயில் சடங்கில் இது கட்டாயம் நடக்கும், உச்ச ஓட்டம் 2.5 அம்பியராகி எல்லையையும் தாண்டிவிடும்.

TIP41C-இன் தாளில் 4 வோல்ட்டில், 0.3 அம்பியருக்குக் குறைந்தது 30, 3 அம்பியருக்கு 15 முதல் 75 வரை என்று இருக்கும். நம் 1.25 அம்பியர் இந்த இரண்டு வரிகளுக்கும் இடையில் விழுகிறது. இப்படி விழும்போது மோசமான பக்கத்து எண்ணை எடுங்கள்: 15. "Typ" என்ற நிரல் இருந்தால் அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். "Min" நிரலில் உள்ள எண்ணுக்கு வடிவமைத்தால்தான் பெட்டியிலிருந்து எந்த ட்ரான்சிஸ்டரை எடுத்துப் போட்டாலும் சுற்று வேலை செய்யும். 1.25-ஐ 15-ஆல் பிரித்தால் அடி ஓட்டம் 83 மில்லிஅம்பியர்.

இந்த 83 மில்லிஅம்பியரை யார் கொடுப்பது? முந்தைய கட்டத்தில் BC547 வைத்து, 8 அல்லது 10 மில்லிஅம்பியரில் ஓடவிட்டிருப்பீர்கள். அதனால் முடியாது. மெல்லிய சத்தத்தில் பாட்டு சுத்தமாகக் கேட்கும், கொஞ்சம் கூட்டியவுடன் மேளச் சத்தம் வரும் இடங்களில் கிழியும். அலைகாட்டியில் வழங்கியை எட்டுவதற்கு வெகு முன்னரே அலையின் உச்சி தட்டையாகும். பலர் இதை ஸ்பீக்கர் பழுது என்று நினைக்கிறார்கள். எனவே இடையில் ஒரு டிரைவர் சோடி வேண்டும், அதற்கு உங்கள் மேசையில் மிஞ்சியிருக்கும் BD139, BD140 மிகப் பொருத்தம். 83 மில்லிஅம்பியரில் அதன் நயத்தை மோசமான பக்கத்திலிருந்து 25 என்று எடுத்தால், BC547-இலிருந்து கேட்பது 3.3 மில்லிஅம்பியர் மட்டுமே. 10 மில்லிஅம்பியரில் ஓடும் கட்டம் இதைச் சிரமமின்றிக் கொடுக்கும். TIP41C-ஐ நேரடியாக BD139-இன் இடத்தில் பொருத்தாமல், அதற்குப் பின்னால் சேர்க்க வேண்டும் என்பதே உங்கள் கேள்விக்கான முழுப் பதில்.

இரண்டாவது வரி, வரி என்பதைவிட ஒரு வரைபடம்: "Safe Operating Area". கிடை அச்சில் VCE, நிலைக்குத்தில் சேகரிப்பான் ஓட்டம். மேலே கணக்கிட்ட 1.82 வாட் ஸ்பீக்கரை வெறும் தடையாக எண்ணிய சராசரி. உண்மையான ஸ்பீக்கரில் சுருளும் அசையும் கூம்பும் இருப்பதால் ஓட்டமும் வோல்ட்டளவும் ஒன்றாக உச்சத்துக்கு வருவதில்லை. ட்ரான்சிஸ்டரில் 12 வோல்ட் நிற்கும் கணத்திலேயே 1 அம்பியர் ஓடக்கூடும். அந்தக் கணத்தில் 12 வாட். BD139-இன் உறை 80 பாகைக்கு வந்திருந்தால் அதன் எல்லை என்ன? உறை 25-ஐத் தாண்டும் ஒவ்வொரு பாகைக்கும் 0.1 வாட் குறையும். 55 பாகைக்கு 5.5 வாட் போக மிஞ்சுவது 7 வாட். TIP41C-க்குப் பாகைக்கு 0.52 வாட் குறைகிறது. 65-இலிருந்து ஏறத்தாழ 29 போனாலும் 36 வாட் இருக்கிறது. வரைபடத்தில் குறுகிய துடிப்புகளுக்கு மேலே தனிக் கோடுகள் இருக்கும், அவற்றை வைத்து BD139-உம் தாங்கும் என்று வாதாடலாம். ஆனால் 50 ஹேர்ட்ஸ் தாழ்தொனியின் அரை அலையே 10 மில்லிசெக்கன் நீளமானது. அதற்குத் தாளில் "DC" என்று குறித்திருக்கும் கோட்டையே நான் நம்புவேன்.

மற்ற வரிகளை விரைவாகக் கடக்கலாம். வோல்ட்டளவுக்கு VCEO-வைப் பாருங்கள்; அதன் மேலே நிற்கும் VCBO காலி எங்கும் இணைக்கப்படாத நிலையில் அளந்தது, உங்கள் சுற்றில் அந்த நிலை இல்லை. TIP41C-க்கு VCEO 100 வோல்ட், 24-க்கு வேண்டியதைவிட வெகு அதிகம். கவனம் வேண்டியது சிறிய ட்ரான்சிஸ்டரில்: BC548-க்கு VCEO 30 வோல்ட், BC547-க்கு 45. 18 வோல்ட் ட்ரான்ஸ்ஃபோமரிலிருந்து எடுக்கும் "24 வோல்ட்" சுமை இல்லாதபோது 28-ஐயும் தொடலாம், அதனால் BC547-ஐயே எடுங்கள். அதிவெண் வரியில் TIP41C-க்கு fT குறைந்தது 3 மெகாஹேர்ட்ஸ். அதை 20 கிலோஹேர்ட்ஸால் பிரித்தால் 150, நாம் எண்ணிய நயமான 15-ஐவிட அதிகம், எனவே கேட்கும் ஒலி எல்லைக்குள் அது தடையாகாது. 2N3055 போடலாமா என்று அடுத்து யாராவது கேட்பார்கள்: போடலாம், ஆனால் 6 வாட்டுக்கு அந்த இரும்புத் தொப்பி தேவையில்லை.

பொருத்தும்போது தாளின் கடைசிப் பக்கத்துப் படத்தைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். எழுத்து உங்களைப் பார்க்க, கால்கள் கீழே இருக்கப் பிடித்தால், BD139-இல் இடமிருந்து காலி, சேகரிப்பான், அடி; TIP41C-இல் அடி, சேகரிப்பான், காலி. நேர் எதிர். இரண்டிலும் உலோகப் பகுதி சேகரிப்பானோடு தொடுப்பில் இருக்கிறது. உங்கள் சுற்றில் TIP41C-இன் சேகரிப்பான் 24 வோல்ட்டிலும் TIP42C-இன் சேகரிப்பான் நிலத்திலும் நிற்பதால், இரண்டையும் மைக்கா இல்லாமல் ஒரே அலுமினியத்தில் முடுக்கினால் வழங்கியைக் குறுஞ்சுற்றாக்கியதாகிவிடும். நான் படித்த காலத்தில் மைக்காவைப் போட்டேன், ஆனால் ஆணியைச் சுற்றிப் போட வேண்டிய பிளாஸ்டிக் வளையத்தை மறந்தேன். ஆணியின் ஊடாகவே தொடுப்பு ஏற்பட்டு வழங்கியின் உருகி எரிந்தது. மின்சாரம் கொடுப்பதற்கு முன்னர் இரு உலோகப் பகுதிகளுக்கும் சிங்க்குக்கும் இடையில் மீற்றரால் பார்த்துக்கொள்ளுங்கள். சிங்க்காக 10 சென்டிமீற்றர் சதுரமான 2 மில்லிமீற்றர் அலுமினியத் தகட்டை நிலைக்குத்தாக நிறுத்தினால் வாட்டுக்கு 5 பாகை அளவில் வரும். இரண்டு ட்ரான்சிஸ்டரும் சேர்ந்து 4.2 வாட் கொடுத்தால் தகடு பெட்டிக்குள் உள்ள காற்றைவிட 21 பாகை ஏறி 71-இல் நிற்கும், சந்தி அதற்கு மேல் 6 பாகை. ஓய்வு ஓட்டத்தை நிர்ணயிக்கும் இருவாயிகளையும் அதே தகட்டில் ஒட்டுங்கள், ஏனென்றால் சூடாகும்போது VBE பாகைக்கு 2 மில்லிவோல்ட் அளவில் குறைகிறது. இருவாயிகள் குளிர்ந்தே நின்றால் ஓய்வு ஓட்டம் ஏறிக்கொண்டே போகும். உங்கள் BD139 உடனே எரியாமல் பத்து நிமிடம் எடுத்ததில் இதற்கும் பங்கு இருந்திருக்கலாம்.

கடைசியாக, தாள் உண்மையான பாகத்துக்குத்தான் உறுதி தருகிறது. TIP41C என்று அச்சிட்டு உள்ளே சிறிய சில்லு வைத்த போலிகள் சந்தையில் உண்டு. வாங்கியதும் இப்படிப் பாருங்கள்: 12 வோல்ட் பற்றரி, 5 அம்பியர் உருகி, சேகரிப்பானில் காரின் 21 வாட் இண்டிகேட்டர் பல்ப், காலி நிலத்தில், அடிக்கு 12 வோல்ட்டிலிருந்து 100 ஓம், 2 வாட் தடையி. அடி ஓட்டம் 110 மில்லிஅம்பியர் அளவில் போகும், பல்ப் 1.75 அம்பியர் எடுக்கும். இது தாள் உறுதி தரும் நயத்துக்குச் சற்று மேலே மட்டுமே. நல்ல ட்ரான்சிஸ்டரில் பல்ப் முழுமையாக எரியும், சேகரிப்பானுக்கும் காலிக்கும் இடையில் 1 வோல்ட்டுக்கும் குறைவாக இருக்கும். பல்ப் மங்கி அங்கே 3, 4 வோல்ட் காட்டினால், சூடாகும் முன்னர் கழற்றி எடுத்துக் கடைக்கே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். TIP42C-க்கு PNP என்பதால் காலியை 12 வோல்ட்டுக்கும், பல்ப்பையும் 100 ஓமையும் நிலத்துக்கும் மாற்றிக் கொளுவ வேண்டும்.